சிவப்பு ரோசாவும் இந்த லைற்றும்: 2 வருடப் பாவனைக்குப் பிறகு

இந்த லைற்றின் விலை இறங்கிவிட்டது, பூக்கடைப் படங்களுக்கு வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். 60 வாட் எல்இடி, 5600 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவாகப் பெட்டியில் 'சிஆர்ஐ 96' என்று அச்சடித்திருக்கும் வகை. வெளிச்சத்தை மென்மையாக்கும் 60 சென்ரிமீற்றர் சொஃப்ற்பொக்ஸோடு, யாழ்ப்பாணத்துப் பூக்கடை ஒன்றின் டெலிவரிப் பக்கத்துக்கான பொக்கே படங்களுக்கு 2 வருடமாகப் பாவனையில் இருக்கிறது. போன கிழமைதான் அதன் விசிறி மாற்றப்பட்டது.

வடக்கு யன்னல் இருக்கும்போது லைற் எதற்கு என்று கேட்பார்கள். அந்த அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. அந்த நாலரை மாதமும் வடக்கு யன்னலால் நேர்வெயில் விழும். மேசையில் ஒரு பக்கம் சுட்டெரிக்கும், மறுபக்கம் கறுக்கும். வருடம் முழுக்க ஒரே வெளிச்சம் வேண்டுமென்றால் லைற் தேவைதான்.

இதழின் இழையை இந்த லைற் காட்டும் விதத்துக்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன். ரோசா இதழின் மேற்தோல் கண்ணுக்குத் தெரியாத கூம்பு வடிவக் கலங்களால் ஆனது. வெல்வெற் போலத் தோன்றுவது அதனால்தான். வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் அந்த மேடுபள்ளம் நிழலின்றித் தட்டையாகிவிடும். சொஃப்ற்பொக்ஸைப் பொக்கேயின் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, 70 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகை போதும். இதழின் நரம்பும் விளிம்பின் மெல்லிய சுருக்கமும் அப்படியே எழுந்து வரும்.

பனித்துளியும் இதே வெளிச்சத்தில்தான் உயிர் பெறுகிறது. ரோசா இதழ் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் துளியைப் பிடித்து வைத்திருக்கும். கவிழ்த்தாலும் சின்னத் துளி விழாது. வெறும் தண்ணீர் எங்கள் வெக்கையில் வேளைக்குக் காய்ந்துவிடுவதால் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து, 40 சென்ரிமீற்றர் தள்ளி நின்று இரண்டு தரம் மட்டும் தெளிக்க வேண்டும். முன்னால் தெரியும் இரண்டு மூன்று பெரிய துளிகளை ஊசியில்லாச் சிறிஞ்சால் வைக்கலாம். கடையின் ரியூப்லைற்றை அணைக்க மறந்தால் ஒவ்வொரு துளியிலும் இரண்டு மினுக்கம் விழும், பார்த்தவுடனே செயற்கை என்று தெரியும். இடைவெளி நிரப்பும் சின்ன வெள்ளைப் பூவான ஜிப்சோபிலாவில் தெளிக்கவே வேண்டாம், நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிடும். படம் எடுத்த பொக்கேயை டெலிவரிக்கு அனுப்பவும் கூடாது. கிளிசரின் ஒட்டிக்கொள்ளும், தூசி பிடிக்கும்.

இனிச் சிவப்பு. இரண்டு வருடமாக என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

நுவரெலியாவிலிருந்து வரும் கடுஞ்சிவப்பு ரோசா பன்னிரண்டைக் கட்டி வைக்கிறோம். மற்ற நிறங்கள் எல்லாம் ஒழுங்காக வரும், சிவப்பு மட்டும் இதழ் இதழாகப் பிரியாமல் ஒரே சாயப் பூச்சாக நிற்கும். முதலில் லைற்றைத்தான் குற்றம் சொன்னேன். பெட்டியில் இருக்கும் அந்த 96 என்பது வெளிர்நிற மாதிரிகள் எட்டின் சராசரி. கடுஞ்சிவப்பு ஒன்பதாவது மாதிரி, அதன் பெயர் R9. அது சராசரியில் சேராது. சிஆர்ஐ 80 உள்ள சாதாரண பல்ப்பில் R9 பூச்சியத்துக்குக் கிட்டவும் இருக்கலாம். பூ விற்பவருக்குத் தேவையான அந்த ஒரேயொரு எண்ணைப் பெட்டியில் போடவில்லை என்பது நியாயமே இல்லை.

ஆனாலும் சோதித்துப் பார்த்தால் உண்மை வேறு. காலை எட்டு மணிக்கு நிழலில் ஒரு இதழ், அதே இதழ் லைற்றின் கீழ், இரண்டுக்கும் சாம்பல் அட்டையால் வெள்ளைச் சமநிலை. பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது லைற்றுப் படம் செங்கல் நிறத்துக்குச் சாய்ந்தால் R9 குறைவு. இந்த லைற்றில் சாய்வு மிகக் கொஞ்சம். பிழை எக்ஸ்போஷரில் இருந்தது.

f/11, ISO 100, 1/15 செக்கனில் எடுத்த படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் பொது ஹிஸ்டோகிராம் நடுவில் வடிவாக நின்றது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் RGB ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக் கிடந்தது. பச்சையும் நீலமும் சிவப்பு ரோசாவில் மிகக் குறைவு என்பதால் மொத்த வெளிச்சம் அளவாகவே தெரியும், கமராவும் ஏமாந்துபோகும். உச்ச அளவான 255-ஐத் தொட்ட சிவப்பில் இழை மிஞ்சாது. வேகத்தை 1/25-க்கு மாற்றியதும் சிவப்பு சுவரை விட்டு விலகியது, உள்மடிப்புகள் தெரிந்தன. RAW-வில் எடுத்து, கமராவின் நிற அமைப்பை நியூட்ரலில் வைத்து, இலைகளின் கருமையைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். கூரை விசிறி நிற்க வேண்டும், இந்த வேகத்தில் சின்னக் காற்றும் விளிம்பைக் கலக்கும்.

அப்படிக் காப்பாற்றிய இழை, படத்தைக் கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றும்போது திரும்பவும் காணாமல் போகும். சாதாரண JPEG, நிற விவரத்தைக் காற்பங்காகக் குறைத்துச் சேமிக்கிறது. மற்ற நிறங்களில் கண்டுபிடிக்க மாட்டீர்கள். சிவப்பு ரோசாவிலோ விவரம் நிறத்தில்தான் கிடப்பதால் விளிம்புகள் கசியும். அதை நிறுத்த:

```
magick rosa.tif -profile sRGB.icc -resize 1600x \
  -sampling-factor 4:4:4 -quality 85 rosa.jpg
```

பக்கம் தானாகவே WebP-க்கு மாற்றினால் இது வீண். தரமிழக்கும் WebP எப்போதும் அந்தக் காற்பங்கு முறையில்தான் சேமிக்கும். இந்தப் படங்களுக்கு மட்டும் அந்த மாற்றத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ரொறன்ரோவிலிருந்து அம்மாவின் பிறந்தநாளுக்கு ஓடர் கொடுப்பவர் பூவை நேரில் பார்க்கப்போவதில்லை. ஆனால் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தோடு இதை ஒப்பிடுவார். அதனால்தான் நிறத்தைக் கூட்டி அழகாக்கும் வேலையையும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஆக, சிவப்பில் லைற்றின் குற்றம் கொஞ்சமே. இதழும் துளியும் என்று பார்த்தால் இதைவிட மலிவாக இவ்வளவு நல்ல வெளிச்சம் கிடைக்காது. இருந்தும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். காரணம் அந்த விசிறி. எங்கள் புழுதியில் அது அடைபட்டதும் லைற் சூடேறித் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை ஒன்றும் வராது. ஒரே அமைப்பில் எடுத்த இருபது படங்களில் கடைசிப் படம் முதல் படத்தைவிட இருண்டிருந்தால் அதுதான் அறிகுறி. மாதம் ஒருக்கால் ஊதித் துப்புரவாக்கியும் 2 வருடத்தில் போய்விட்டது. உதிரி விசிறி வெளியிலிருந்து வந்து சேரும்வரை பூசைக்காலத்து ஓடர்களுக்குப் பழைய படங்களையே போட வேண்டியதாயிற்று. விசிறியைத் தனியாகக் கடையில் வைத்து விற்பவர் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.