மேலறை ஓட்டையும் கீழறை ஓட்டையும்: எதை எப்போது அடைக்க வேண்டும்?

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று சொன்னதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மில்லிமீட்டர் சார்?" நான் எக்கோ அறையில் வேலை பார்ப்பவன், இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே கிடையாது. ஆனால் அந்த எண்ணை மட்டும் சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் தேவையில்லாமல் பயப்படுவார்கள், மீதிப் பேர் பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாகிவிடுவார்கள்.

ஒரே காலையில் வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருத்தி நான்கு வயதுப் பெண், மேலறைச் சுவரில் 12 மி.மீ. ஓட்டை, வெளியே பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தாள். இன்னொன்று ஒன்பது வாரக் கைக்குழந்தை, கீழறைச் சுவரில் 7 மி.மீ. ஓட்டை. பிறந்தபோது எடை 2.9 கிலோ, இப்போது 3.4. இந்த வயதில் ஒரு நாளைக்கு 25, 30 கிராம் ஏறவேண்டிய இடத்தில் எட்டு கிராம்தான் ஏறியிருக்கிறது. "பால் குடிக்க ஆரம்பிச்சா நெத்தியெல்லாம் வேர்க்குது, பத்து நிமிஷத்துல களைச்சுத் தூங்கிடுறான், அரை மணி நேரத்துல மறுபடி அழுறான்" என்றார் அவனுடைய அம்மா. அவசரம் இந்தக் குழந்தைக்குத்தான். சிறிய ஓட்டைக்காரன் திணறுகிறான், பெரிய ஓட்டைக்காரி விளையாடுகிறாள். ஏன்?

இரண்டு ஓட்டைகளிலும் ரத்தம் பொதுவாக இடமிருந்து வலம்தான் பாய்கிறது. நுரையீரலில் சுத்தமாகித் திரும்பிய ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. இந்தக் குறுக்குப் பாய்ச்சலைத்தான் ஷன்ட் என்கிறோம். பாய வைக்கும் சக்தி எது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

கீழறை ஓட்டையில் (வி.எஸ்.டி.) அது நேரடி அழுத்தம். பெரியவர் ஒருவருக்கு இடது கீழறை சுருங்கும்போது உள்ளே 120 என்றால் வலது கீழறையில் 25 தான், அந்த வித்தியாசத்தில் ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது. அப்படியானால் பிறந்த அன்றே குழந்தை திணற வேண்டுமே? பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருப்பதால் வலப்பக்க அழுத்தமும் அதிகம், அதனால் ரத்தம் அதிகம் தாண்டாது. பிரசவ வார்டில் ஸ்டெத் வைத்துப் பார்த்தவருக்கு ஒன்றுமே கேட்காமல் போவது இதனால்தான், அவர்மேல் தப்பில்லை. நான்கிலிருந்து ஆறு வாரங்களில் அந்தக் குழாய்கள் தளரத் தளர பாய்ச்சல் கூடி, ஆறு எட்டு வாரத்தில் குழந்தை மூச்சு வாங்க ஆரம்பிக்கும்.

மேலறை ஓட்டையில் (ஏ.எஸ்.டி.) இரண்டு மேலறைகளுக்கும் அழுத்த வித்தியாசம் மிகக் குறைவு. அங்கே தீர்மானிப்பது கீழே இருக்கும் அறைகளின் இளக்கம். வலது கீழறையின் சுவர் மெல்லியது, எளிதில் விரிந்து கொடுக்கும். இடது கீழறை தடித்தது, அவ்வளவு சீக்கிரம் விரியாது. தண்ணீர் பள்ளமான வயலுக்குப் பாய்வதுபோல, இதயம் விரியும் நேரத்தில் ரத்தம் வலப்பக்கமே சாய்கிறது. பிறந்த குழந்தைக்கு வலது கீழறையும் தடிப்பாகவே இருக்கும் என்பதால் ஆரம்பத்தில் ஷன்ட் சொற்பம், வருஷங்கள் போகப் போகத்தான் கூடும். ஐம்பது வயதில் பிரஷர் வந்து இடது கீழறை இன்னும் விறைத்தால், அதே ஓட்டை வழியே இன்னும் அதிகமாகப் பாயும். ஓட்டை வளரவில்லை, சரிவுதான் கூடியிருக்கிறது.

இதிலிருந்து எக்கோ ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடும் விஷயத்துக்கு வருகிறேன்: எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது? ஏ.எஸ்.டி.யில் வலது மேலறையும் வலது கீழறையும் பெரிதாகும், அது எதிர்பார்த்ததுதான். வி.எஸ்.டி.யில் பலர் வலது கீழறை வீங்கும் என்று நினைப்பார்கள், ஆனால் வீங்குவது இடப்பக்கம். இரண்டு கீழறைகளும் ஒரே நேரத்தில் சுருங்குவதால், ஓட்டை வழியே வந்த ரத்தம் வலது கீழறையில் தங்காமல் அப்படியே நுரையீரல் தமனிக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அத்தனையும் திரும்பி வந்து விழுவது இடது மேலறையிலும் இடது கீழறையிலும்தான். அறை வீங்காத ஓட்டையை, வேறு காரணம் இல்லாத வரை, சும்மா கவனித்து வரலாம். வீங்க ஆரம்பித்துவிட்டால் அடைப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொரு பொறி, சத்தம். சின்ன வி.எஸ்.டி. பைப்பின் வாயை விரலால் அழுத்தியதுபோல் சீறும், மர்மர் பலமாகக் கேட்கும், வீட்டில் எல்லோரும் பயந்துவிடுவார்கள். தசைப்பகுதியில் இருக்கும் இந்தச் சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்திலேயே தானாக மூடிவிடும். பெரிய வி.எஸ்.டி.யில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிவிடுவதால் சத்தம் குறைவு. ஏ.எஸ்.டி.யிலோ ஓட்டை சத்தமே போடாது, கேட்கும் மென்மையான மர்மர் நுரையீரல் வால்வு வழியே அதிக ரத்தம் போவதால் வருவது. அதனால்தான் முப்பது நாற்பது வயது வரை பலருக்கு அது தெரியாமலே போகிறது.

சரி, அந்த ஒன்பது வாரக் குழந்தைக்கு வருவோம். 7 மி.மீ. என்பது, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியான அயோர்டாவின் வால்வு அவனுக்கு இருக்கும் அகலத்துக்குக் கிட்டத்தட்ட சமம், அந்த உடம்புக்கு அது வாசல்கதவு மாதிரி. நீர் பிரிய மருந்து கொடுத்து, பாலில் கலோரியைக் கூட்டி எடை ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். மருந்து ஓட்டையை மூடாது, நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். எடை ஏறவில்லை என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. இப்படிப்பட்ட பெரிய வி.எஸ்.டி.யை வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், எப்படியும் ஒரு வயதுக்குள், ஆபரேஷனில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிடுவார்கள்.

இங்கே ஒரு ஆபத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குத் தயங்கும் குடும்பத்தில், ஏழெட்டு மாதம் ஆனதும் குழந்தை தானாகத் தேறுவதுபோல் தெரியலாம். வேர்வை நிற்கும், மூச்சு வாங்குவது குறையும், மர்மரும் மங்கும். ஓட்டை சுருங்கியதால் இருந்தால் சந்தோஷம். ஆனால் அதிக அழுத்தத்தில் அடி வாங்கிய நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகியதாலும் ஷன்ட் குறைந்து இதே மாதிரித் தெரியும். எக்கோ எடுத்தால்தான் எது என்று தெரியும், அதனால் "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று செக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய வி.எஸ்.டி.யை இரண்டு வயது தாண்டியும் விட்டால் அந்த இறுக்கம் திரும்பாத நிலைக்குப் போகலாம். கடைசியில் ஷன்ட் வலமிருந்து இடமாகத் திரும்பி, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஐசன்மெங்கர் என்று பெயர். அந்தக் கட்டத்தில் ஓட்டையை அடைக்கக் கூடாது, ஏனென்றால் திணறும் வலது கீழறைக்கு அந்த ஓட்டைதான் ஒரே வடிகால். கர்ப்பம் தரிப்பதும் அந்த நிலையில் உயிருக்கே ஆபத்து. ஏ.எஸ்.டி.யில் நுரையீரலுக்குப் போவது கூடுதல் ரத்தம் மட்டும்தான், கூடுதல் அழுத்தம் இல்லை. அதனால் இந்த நிலை அங்கே அபூர்வம், வந்தாலும் பெரிய வயதில்.

நான்கு வயதுப் பெண்ணுக்கு வலப்பக்கம் வீங்கியிருந்தது. ஆகவே அடைக்க வேண்டும், ஆனால் பள்ளி விடுமுறை பார்த்து நாள் குறிக்கும் அளவுக்கு நிதானம் உண்டு. ஏ.எஸ்.டி.யைப் பொதுவாக மூன்று முதல் ஐந்து வயதில் அடைக்கிறார்கள். ஓட்டை சுவரின் நடுப்பகுதியில் இருந்து, சுற்றிலும் சில மில்லிமீட்டர் விளிம்பும் இருந்தால் தொடைச் சிரை வழியே குழாய் விட்டு, குடை மாதிரி இரண்டு பக்கமும் விரியும் டிவைஸை வைத்துவிடலாம். நெஞ்சைத் திறக்க வேண்டாம். அப்புறம் சுமார் ஆறு மாதம் ஆஸ்பிரின். ஓட்டை மேல் பெருஞ்சிரை நுழையும் இடத்தை ஒட்டியோ வால்வுகளை ஒட்டியோ இருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

வி.எஸ்.டி.யில் டிவைஸ் இவ்வளவு சுலபமில்லை. மிகப் பொதுவான வகை ஓட்டையின் விளிம்பை ஒட்டியே இதயத்தின் மின்கம்பி ஓடுகிறது. அதை டிவைஸ் அழுத்தினாலோ தையல் பிடித்தாலோ மேலறையின் துடிப்பு கீழறைக்குப் போகாமல் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். வரலாறும் இந்த வித்தியாசத்தைக் காட்டுகிறது. 1952-இல் மினசோட்டாவில் ஜான் லூயிஸ் ஒரு சிறுமியின் உடம்பைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தியே ஏ.எஸ்.டி.யைத் தைத்துவிட்டார். வி.எஸ்.டி.க்கு அந்த நிமிடங்கள் போதவில்லை. 1954-இல் அதே இடத்தில் வால்டன் லில்லிஹை, பெற்றவரின் ரத்த ஓட்டத்தோடு குழந்தையை இணைத்து வைத்துக்கொண்டுதான் அதைத் தைக்க முடிந்தது.

பெரியவர்களுக்கு வருவோம். மாடி ஏறினால் இளைப்பு, அவ்வப்போது படபடப்பு, ரத்தசோகை என்று வருஷக்கணக்கில் மாத்திரை, இப்படி வரும் 42 வயதுப் பெண்ணின் எக்கோவில் வலப்பக்கம் வீங்கி, 22 மி.மீ. ஏ.எஸ்.டி. தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் விட்டு ஆக்சிஜன் அளந்தால், மேல் பெருஞ்சிரையில் 65 சதவீதம், கீழ்ப் பெருஞ்சிரையில் 73. மேல் சிரைக்கு மூன்று பங்கு கொடுத்துச் சராசரி எடுப்பது வழக்கம், அது 67. நுரையீரல் தமனியில் 85, நுரையீரல் சிரையிலும் அயோர்டாவிலும் 97. நுரையீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் Qp, உடம்புக்குப் போவது Qs.

Qp/Qs = (97 − 67) / (97 − 85) = 30 / 12 = 2.5

உடம்புக்கு ஒரு லிட்டர் போகும்போது நுரையீரலுக்கு இரண்டரை லிட்டர் போகிறது. 1.5-க்கு மேலே இருந்து, அறை வீங்கி, நுரையீரல் குழாய்களின் தடை குறைவாக இருந்தால், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அடைப்பதே நல்லது. நாற்பதில் அடைத்தாலும் வலது கீழறை சுருங்கும், இளைப்பு குறையும். ஆனால் அதற்குள் துடிப்புக் கோளாறு வந்துவிட்டிருந்தால் ஓட்டையை அடைத்ததும் அது ஓடிவிடாது, தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். அறுபது எழுபது வயதுக்காரர்களுக்கு, விறைத்துப்போன இடது கீழறைக்கு அந்த ஓட்டையே இவ்வளவு நாள் ஆசுவாசமாக இருந்திருக்கலாம். திடீரென்று அடைத்தால் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் முதலில் பலூனால் சிறிது நேரம் அடைத்து, இடது மேலறை அழுத்தம் எகிறுகிறதா என்று பார்க்கிறார்கள்.

பெரியவர்களிடம் மிஞ்சியிருக்கும் வி.எஸ்.டி. பெரும்பாலும் சின்னது, அடைக்க வேண்டியதில்லை. மூன்று விஷயம் வந்தால் மட்டும் முடிவு மாறும்: இடது கீழறை வீங்குவது, ஓட்டையில் கிருமி தொற்றிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது, அயோர்டா வால்வின் இதழ் ஓட்டைக்குள் இழுபட்டுக் கசிவது. மூன்றாவதற்குக் காரணம் பெரும்பாலும் வால்வுகளுக்கு நேர் கீழே இருக்கும் ஓட்டை, இது மேலை நாட்டவரைவிட ஆசியர்களிடம் அதிகம். அங்கே ஓட்டை 3 மி.மீ. என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும், கசிவு ஆரம்பித்துவிட்டதா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கசிவு கூடிக்கொண்டே போனால், தைக்க வேண்டியது ஓட்டை மட்டுமாக இருக்காது, வால்வும் சேர்ந்துகொள்ளும்.