சினிபெஞ்ச்சில் தோற்ற சிபியு கேமில் ஜெயித்தது எப்படி?

ஏஎம்டியின் இரண்டு சிபியுக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ரைசன் 9 5900X: 12 கோர்கள், உச்ச வேகம் 4.8 கிகாஹெர்ட்ஸ். மற்றொன்று 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800X3D: 8 கோர்கள், உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். எல்லாக் கோர்களையும் வேலை வாங்கும் சினிபெஞ்ச் R23 சோதனையில் முதலாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு மதிப்பெண் எடுக்கிறது. அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் 5800X3D பக்கம் திரும்பவே மாட்டார்.

கேம்களில் கதை தலைகீழ். 1080p தெளிவில் 5800X3D சராசரியாக 15 சதவீதம் முந்துகிறது என்று ஏஎம்டியே அறிவித்தது. 'வாட்ச் டாக்ஸ்: லீஜியன்' கேமில் வித்தியாசம் 36 சதவீதம் வரை போனது. தன் தயாரிப்பைப் பற்றித் தானே சொல்லும் கணக்கை நான் எப்போதும் சற்றுத் தள்ளுபடி செய்தே படிப்பேன். ஆனால் எதிர்த்து நிற்பதும் அவர்களுடைய சிபியுதான், அதுவும் உயர்ந்த வரிசையைச் சேர்ந்தது. பிறகு வெளியாட்கள் செய்த சோதனைகளும் அதே திசையைத்தான் காட்டின.

காரணம் எல்3 கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவைச் சிபியுவுக்குள்ளேயே வைத்திருக்கும் வேகமான நினைவகம். 5900X-இல் மொத்தம் 64 எம்பி இருந்தாலும், அது ஆறு கோர்களுக்கு 32 எம்பி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 5800X3D-இல் வழக்கமான 32 எம்பிக்கு மேல் இன்னொரு 64 எம்பி சில்லு அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த 96 எம்பி முழுவதும் எட்டுக் கோர்களுக்கும் பொது. மேலே அடுக்கிய சில்லால் வெப்பம் வெளியேறுவது கடினமாகிறது, மின்னழுத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. அதனால்தான் வேகம் குறைக்கப்பட்டது.

சினிபெஞ்ச் ஒரு படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து ஆளுக்கொரு கோரிடம் கொடுக்கிறது. எந்தச் சதுரமும் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. வேலைக்குத் தேவையான தரவு பெரும்பாலும் கோருக்கு மிக அருகில் உள்ள சிறிய கேஷ்களிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே அங்கே கோர்களின் எண்ணிக்கையும் வேகமும்தான் பேசும், எல்3 எவ்வளவு பெரிது என்பது பெரிதாகப் பேசாது.

கேம் அப்படி இயங்குவதில்லை. விநாடிக்கு 100 ஃப்ரேம், அதாவது 100 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 10 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அதற்குள் பாத்திரங்களின் இருப்பிடம், மோதல் கணக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டளைகள் எல்லாம் தயாராக வேண்டும். இவற்றில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இழையில் நடக்கிறது. தேடப்படும் தரவோ நினைவகமெங்கும் சிதறிக் கிடக்கிறது. எல்3-இல் இருந்தால் சுமார் 10 நானோசெகண்டில் கைக்கு வரும். இல்லாமல் ராம் வரை போனால் அதைப்போலப் பல மடங்கு நேரம். இந்தச் சின்னக் காத்திருப்புகள் ஒரு ஃப்ரேமுக்குள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, மீதிக் கோர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதுவும் எல்லா கேமுக்கும் பொருந்தாது. ஏஎம்டியின் அதே பட்டியலில் 'சிஎஸ்: கோ'வில் இரண்டும் சமம், கூடுதல் கேஷால் ஒரு லாபமும் இல்லை. 4கே தெளிவுக்குப் போனால் பெரும்பாலான கேம்களில் வித்தியாசமே மறைந்துபோகும், ஏனென்றால் அப்போது சிபியு கிராபிக்ஸ் கார்டுக்காகக் காத்திருக்கிறது.

கிராபிக்ஸ் பக்கம் நிலைமை இவ்வளவு மோசமில்லை. 3டி மார்க் டைம் ஸ்பை என்ற சோதனையின் கிராபிக்ஸ் மதிப்பெண், ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஒரே நிறுவனத்தின் கார்டுகளை 1440p கேம்களில் ஒப்பிடுவதற்கு ஓரளவு நம்பத்தக்கது. கார்டு அ, கார்டு ஆவைவிட அங்கே 30 சதவீதம் முந்தினால், கேம்களின் சராசரியும் அதற்கு அருகில்தான் வந்து நிற்கும். சிக்கல் மொத்த மதிப்பெண்ணில்தான். அது கிராபிக்ஸுக்கு 85, சிபியுவுக்கு 15 சதவீத எடை வைத்து இசைச் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது:

```
1 / (0.85/12000 + 0.15/8000)  = 11163
1 / (0.85/12000 + 0.15/14000) = 12263
```

இரண்டு கணினிகளிலும் ஒரே கார்டு, கிராபிக்ஸ் மதிப்பெண் ஒரே 12,000. சிபியு மாறியதால் மட்டும் மொத்தம் 10 சதவீதம் ஏறிவிட்டது. கார்டே முழுச் சுமையில் திணறும் ஒரு கேமில் இந்த 10 சதவீதம் ஒரு எஃப்பிஎஸ்ஸாகக்கூட வெளிப்படாது. யாராவது டைம் ஸ்பை எண்ணைப் பெருமையாகக் காட்டினால், அது மொத்தமா, கிராபிக்ஸ் மட்டுமா என்று முதலில் கேளுங்கள்.

கிராபிக்ஸ் மதிப்பெண்ணும் கோட்டைவிடும் இடம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு 2023-இல் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வந்தது. சில்லு ஒன்றே, நினைவக வேகமும் ஒன்றே: விநாடிக்கு 288 ஜிபி. டைம் ஸ்பைக்கு 8 ஜிபியே தாராளம் என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் கனமான டெக்ஸ்ச்சர்களுடன் ஒரு புதிய கேம் 8 ஜிபியைத் தாண்டிக் கேட்கும்போது, மிஞ்சியது கணினியின் ராமில் போய்த் தங்குகிறது. அங்கிருந்து அதைக் கொண்டுவரும் வழி எட்டுத் தடங்கள் கொண்ட பிசிஐஇ 4.0, அதாவது விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. பழைய 3.0 மதர்போர்டில் அதிலும் பாதிதான். ஆற்றுநீரைக் குழாய் வழியாகப் பிடிக்கும் நிலை. சராசரி எஃப்பிஎஸ் ஓரளவு தாக்குப்பிடித்தாலும் மிக மெதுவான ஃப்ரேம்களைக் காட்டும் '1% லோ' எனப்படும் கடைமட்ட எண் சரிந்து, காட்சி திக்கித் திக்கி ஓடும். சில கேம்கள் இன்னும் தந்திரசாலிகள்: எஃப்பிஎஸ்ஸைக் காப்பாற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் மங்கலான டெக்ஸ்ச்சரை ஒட்டிவிடும். அப்போது எண்ணைப் பார்த்துப் பயனில்லை, சுவரையும் தரையையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சோதனையின் பாதை முன்கூட்டியே தெரியும் என்பது இன்னொரு பலவீனம். 2003-இல் 3டி மார்க் 03-ஐத் தயாரித்த ஃபியூச்சர்மார்க், என்விடியாவின் டிரைவர் அந்தச் சோதனையை அடையாளம் கண்டு, கேமரா போகாத பக்கத்தில் உள்ளவற்றை வரையாமலேயே விடுகிறது என்று கண்டுபிடித்தது. சோதனையைத் திருத்தியதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24 சதவீதம் இறங்கியது. கேம் ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது எந்த டிரைவருக்கும் தெரியாது.

அதற்காக கேமுக்குள்ளேயே வரும் பெஞ்ச்மார்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. அதுவும் வரையறுத்த பாதையில் ஓடும் ஒரு காட்சிதான். கூட்டம் நெரியும் தெருவில் சிபியு படும் பாடு பெரும்பாலும் அதில் இருக்காது. சேமித்து வைத்த ஒரே இடத்திலிருந்து ஒரே வழியில் ஒரு நிமிடம் நடந்து, பிரசன்ட்மான் அல்லது கேப்ஃப்ரேம்எக்ஸ் மென்பொருளில் ஃப்ரேம் நேரத்தைப் பதிவு செய்வதே மேல். பிறகு தெளிவை மட்டும் 1440p-இலிருந்து 1080p-க்கு இறக்கி அதே நடையைத் திரும்ப நடந்து பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது; கார்டை மாற்றுவதானால் கிராபிக்ஸ் மதிப்பெண் பட்டியல் உங்களுக்கு உதவும். எஃப்பிஎஸ் அசையாமல் நின்றால் தடை சிபியு பக்கம். அங்கே சினிபெஞ்ச் பட்டியலை மூடிவிட்டு, நீங்கள் ஆடும் அதே கேமில் எடுத்த சோதனை முடிவுகளைத் தேடுங்கள்.