எர்த் குழிக்குக் காசு, சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு ஒயர்

தேவிபட்டினம் பக்கம் எங்கள் வீட்டில் அடுப்படியை இடித்துக் கட்டியபோது ஒயரிங்கையும் புதிதாகப் போட்டோம். வந்த எலக்ட்ரீஷியன் எர்த் குழிக்கு மட்டும் தனியாக 6,500 ரூபாய் வாங்கினார். பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி வைத்து, நடுவில் பைப் தலை தெரிய, அதில் பச்சை ஒயரையும் சுற்றிக் காட்டினார். அப்புறம் ஒரு குண்டு பல்பு ஹோல்டரை எடுத்து, ஒரு முனையை ஃபிரிட்ஜ் சாக்கெட்டின் கரண்ட் ஓட்டையிலும் இன்னொன்றை மேலே இருக்கும் பெரிய எர்த் ஓட்டையிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "பாத்தீங்களா, எர்த் எப்படிப் பிடிக்குதுன்னு. உப்புத்தண்ணி மண்ணுல்ல" என்றார். நாங்களும் நம்பிக் காசைக் கொடுத்தோம்.

போன ஐப்பசியில் மழையோடு வாடைக்காற்று அடித்த ஒரு ராத்திரி, எட்டு மணி வாக்கில் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாக நின்றன. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் டார்ச்சை எடுக்க அம்மா அடுப்படிக்குள் போனார். தரை ஈரம், கால் வெறுங்கால். கையைத் தூக்கும்போது புறங்கை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. கடல்காற்றில் பெயிண்ட் உரிந்து துருவேறிய இடம் அது. அலறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தார். பட்டது புறங்கை என்பதால் கை உதறி விடுபட்டது. உள்ளங்கையால் பிடித்திருந்தால் விரல்கள் இறுகி விடாமல் பிடித்திருக்கும் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

கரண்ட் இல்லாத வீட்டில் எப்படி ஷாக் அடித்தது? அப்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வந்த லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி ஜாயின்ட்டில் உப்பு அரித்து விட்டுப்போய்விட்டது என்றார். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் கரையில் அலுமினியக் கம்பியின் முறுக்கு வெள்ளை மாவு பூத்துத்தான் கிடக்கும். நியூட்ரல் விட்டால் விளக்கு அணையலாம். ஃபிரிட்ஜ் உடம்பில் கரண்ட் வரக் கூடாது.

என் மச்சானுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஐஸ் கம்பெனிகளில் ஒயரிங் வேலை பார்த்தவர். அவரைக் கூட்டி வந்தோம். மெயினை அணைத்துவிட்டு ஃபிரிட்ஜ் சாக்கெட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். நியூட்ரல் திருகாணியிலிருந்து எர்த் திருகாணிக்கு ஒரு விரற்கடை நீளத்தில் சிவப்பு ஒயர் ஒன்று தாவியிருந்தது. பச்சை ஒயரே அந்தப் பெட்டிக்குள் இல்லை. பின்பக்கம் போய் எர்த் பைப்பைப் பிடித்து இழுத்தார். இரண்டடிப் பைப், கையோடு வந்துவிட்டது. அதில் சுற்றியிருந்த பச்சை ஒயர் சுவருக்குள் ஒரு முழம் போய் அங்கேயே நறுக்கி விடப்பட்டிருந்தது.

அவர் திண்ணையில் உட்கார்ந்து விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவது இரண்டு கம்பி. ஃபேஸ் கரண்டைக் கொண்டு வருகிறது, நியூட்ரல் திருப்பிக் கொண்டுபோகிறது. நியூட்ரலை டிரான்ஸ்பார்மரில் மண்ணோடு இணைத்திருப்பதால், கம்பி நன்றாக இருக்கும்வரை அதைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மூன்றாவதான எர்த் நம் வீட்டு மண்ணிலிருந்து வருவது. சாதாரண நாளில் அதில் கரண்ட் ஓட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜுக்குள் ஒரு ஒயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால்தான் அதற்கு வேலை. அப்போது கரண்ட் மண்ணுக்குப் போகத் தடையில்லாத வழி ஒன்று தயாராக இருப்பதால் மொத்தமாக அதில் பாயும், அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழும். எர்த் இல்லையென்றால் தகரம் 230 வோல்ட்டோடு அப்படியே காத்திருக்கும். தொடுகிறவர் உடம்புதான் மண்ணுக்குப் போகும் வழி.

நியூட்ரலை எர்த்தோடு கோத்துவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். பல்பு எரிந்தது அதனால்தான். எர்த் ஓட்டையில் இருந்ததும் நியூட்ரலே. ஆனால் வெளியே நியூட்ரல் அறுந்த நிமிடத்தில், ஃபேஸிலிருந்து கிளம்பிய கரண்ட் ஃபிரிட்ஜ் மோட்டார் சுற்றுக்குள் நுழைந்து நியூட்ரல் பக்கம் வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அந்தச் சிவப்புத் துண்டு வழியாக ஃபிரிட்ஜின் தகரத்துக்கே வந்து நின்றிருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒரு பழுதும் இல்லை. மூன்று முள் பிளக்கில் ஒழுங்காகச் செருகியிருந்ததுதான் வினையானது. எர்த்தே கொடுக்காமல் விட்டிருந்தால்கூட அன்றைக்கு அம்மாவுக்கு அடித்திருக்காது.

பழைய எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லா வீட்லயும் இப்படித்தாண்ணே போடுறோம். லைட் எரிஞ்சதுல்ல?" என்றார். காசு இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த பல்பு சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்று பெரியவர் காட்டினார். வீட்டில் செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். மெயினை அணைத்து, பெட்டியில் நியூட்ரல் ஒயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, மறுபடி மெயினைப் போட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை வைத்தார். எரியவில்லை. உண்மையான எர்த் இருந்தால் நியூட்ரல் இல்லாமலே எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் இருக்கிறது, ஆனால் வலுவில்லை என்று அர்த்தம். இதை வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று நியூட்ரலைக் கழற்றுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

கடற்கரை மண் தானாக எர்த் பிடிக்கும் என்பதும் பாதி உண்மைதான். மேல் மணல் சித்திரையில் காய்ந்து கிடந்தால் கரண்டை வாங்காது. எர்த்தின் தடை நூறு ஓம் என்றால் அதில் போவது இரண்டேகால் ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையவே அசையாது. அதனால் பெரியவர் செம்பு பூசிய பத்தடிக் கம்பியை, ஊற்று ஈரம் தொடும்வரை அடித்து இறக்கினார். கரியும் உப்பும் போடலாமா என்று கேட்டதற்கு, "இந்த ஊர் மண்ணுக்கு இன்னும் உப்பா? கிளாம்பைத்தான் தின்னும்" என்று சொல்லிவிட்டு, கிளாம்பில் கிரீஸ் தடவி மூடினார். எர்த்தின் தடையை அளக்கும் மெகரில் மூன்று ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. அதை மட்டும் நம்ப வேண்டாம் என்று மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டார். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டாலே அது விழுந்துவிடும். எர்த் வலுக்குறைந்த நாளிலும் காப்பாற்றுவது அதுதான்.

அதே ஆள் ஒயரிங் செய்த என் கொழுந்தியாள் வீட்டிலும் திறந்து பார்த்தோம். ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் மூன்று சாக்கெட்டிலும் அதே துண்டு ஒயர்.

உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் நின்று, பக்கத்து வீட்டில் எரிந்தால், ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எதையும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கவும் போகாதீர்கள். காலில் செருப்புப் போட்டுக்கொண்டு நேரே மெயின் சுவிட்சுக்குப் போய் அணையுங்கள். அப்புறம் லைன்மேனுக்குப் போன் போடுங்கள்.