கர்ப்பப்பையை எடுப்பதா, ஹார்மோன் வளையம் வைப்பதா? நோய் இருக்கும் இடத்தை வைத்து ஓர் அலசல்

நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் பெரும்பாட்டோடு, அதாவது மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கோடு, டாக்டரிடம் போகும் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் எடுத்த அன்றே ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: "கட்டி இருக்கும்மா, பையை எடுத்துடலாம்." தெலுங்கில் சொன்னால் 'கட்ட', தமிழில் சொன்னால் 'கட்டி'. சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, நார்க்கட்டி, புற்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். அதைக் கேட்டதும் வருகிற பயத்திலேயே பலர் சம்மதித்துவிடுகிறார்கள். 2015-16 தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் நாடு முழுக்க 100க்கு 3 பேர். ஆந்திராவில் 100க்கு கிட்டத்தட்ட 9 பேர்.

இரண்டு வழிகளை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, கர்ப்பப்பையை எடுப்பது. மற்றொன்று, காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் செம்புக்குப் பதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள வளையம். பெரும்பாலான பெண்களுக்கு முதலில் வளையம்தான் சரி என்பது எங்கள் கருத்து. எல்லோருக்கும் அல்ல. யாருக்கு எது என்பதை முடிவு செய்வது கட்டியின் அளவைவிட நோய் உட்கார்ந்திருக்கும் இடம்.

முதலில், எது அதிகப்போக்கு? ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு முறை நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், பத்து ரூபாய் நாணயம் அளவோ அதைவிடப் பெரிதாகவோ கட்டி கட்டியாக ரத்தம் போனால், ராத்திரியில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், ஏழு நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால், அது அதிகம். "உங்க அம்மாவுக்கும் அப்படித்தான்" என்பது பதிலாகாது. அதே நோய் அம்மாவுக்கும் இருந்திருக்கலாம். வலிக்கும் அளவு உண்டு: வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் படுக்கவைக்கிற வலி, மாத்திரை போட்டும் அடங்காத வலி, நோய் இருக்கிறதா என்று தேட வேண்டிய வலி.

இனி இடம். கர்ப்பப்பையை அடி மேலாகக் கவிழ்த்த சொம்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சொம்பின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம், அதுதான் மாதாமாதம் உரிந்து ரத்தமாக வருவது. சொம்பின் சுவர் தடித்த தசை. ஃபைப்ராய்டு எனும் நார்க்கட்டி இந்தத் தசையிலிருந்து வளர்வது, புற்று அல்ல. அது உட்புறமாகப் புடைத்தால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சப்மியூகஸ்' என்று இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலே ரத்தம் கொட்டவைக்கும். சுவருக்குள்ளேயே இருந்தால் 'இன்ட்ராமியூரல்'. வெளிப்புறமாகத் தொங்கினால் 'சப்சீரஸ்'. இது ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தும் போக்கை அதிகப்படுத்தாமல் இருக்கலாம். அதனால் "மூணு சென்டி கட்டி" என்பது பாதி விவரம்தான். எந்தப் பக்கம் என்பது மீதிப் பாதி.

எண்டோமெட்ரியோசிஸ் இதற்கு நேர்மாறு. உட்படலத்தைப் போன்ற திசு சொம்புக்கு வெளியே போய் ஒட்டிக்கொண்டிருக்கும்: ஓவரியில், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே, சிறுநீர்ப்பை மேல். மாதவிலக்கு சமயத்தில் அதுவும் வீங்கிக் கசியும், ஆனால் வெளியேற வழியில்லை. சுற்றியுள்ள உறுப்புகள் புண்ணாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த வலி தீட்டு வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்குகிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது குத்துகிறது, தாம்பத்தியத்தின்போது ஆழத்தில் வலிக்கிறது. சாதாரண ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று வரலாம். ஓவரியில் பழைய ரத்தம் நிறைந்த சாக்லேட் சிஸ்ட் இருந்தால் தெரியும். மெல்லிய திட்டுகளாக இருந்தால் தெரியாது. "ஸ்கேன் நார்மல், அப்போ மனசுலதான்" என்று யாராவது சொன்னால் அது தவறு.

எடுக்க வேண்டியது சொம்புக்கு வெளியே இருக்கும்போது சொம்பை மட்டும் எடுத்தால் வலி போகுமா? மாதவிலக்கு நிற்கும். வலி பலருக்குக் குறையும். ஆனால் மலக்குடல் பக்கத்துத் திட்டு அங்கேயே இருந்தால், ஓவரி ஹார்மோன் சுரக்கச் சுரக்க அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆபரேஷன் ஆன பிறகும் வலிக்கிறது என்று வரும் பெண்களில் சிலரின் கதை இதுதான்.

வளையம் எப்படி வேலை செய்கிறது? மூன்று சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள T வடிவம், உள்ளே 52 மில்லிகிராம் ஹார்மோன். தொடக்கத்தில் தினமும் சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் உட்படலத்தின் மேல் நேராக விடும். படலம் தடிக்காது, உரிய ஒன்றும் இருக்காது. அதனால் போக்கு குறைகிறது, சிலருக்கு முழுக்க நிற்கிறது. "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிடுமே" என்ற பயம் தேவையில்லை, தங்குவதற்கு அங்கே ரத்தமே உருவாகவில்லை. ஆறு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குப் போக்கு முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ் வலியும், படலம் தசைக்குள் இறங்கும் அடினோமயோசிஸ் வலியும் குறையும். போக்குக்காக வைத்தால் ஐந்து வருடம் தாங்கும். வேண்டாம் என்றால் எந்த நாளும் எடுத்துவிடலாம்.

"எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே, எதுக்கு?" என்று இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் கேட்பார்கள். குழாயைக் கட்டியது கருவைத் தடுக்க. இது ரத்தத்தைக் குறைக்க. இரண்டும் வேறு வேலை.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். வைக்கும்போது சிலருக்கு நன்றாகவே வலிக்கும். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை, கர்ப்பப்பை வாயில் மரப்பு ஊசி இரண்டையும் கேட்டு வாங்கலாம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாக, ஒழுங்கில்லாமல் ரத்தம் படும். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் இரண்டாவது மாதமே எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். 20 பேரில் ஒருவருக்குத் தானாக நழுவி வெளியே வந்துவிடும். மார்பு கனம், பரு, மனநிலை மாற்றம் சிலருக்கு உண்டு. யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்று வைக்கும் முன்பே கணிக்க வழியில்லை. உட்புறம் புடைத்த கட்டி இருந்தால் வளையம் சரியாக உட்காராது. அங்கே கர்ப்பப்பை வாய் வழியாகக் கேமரா விட்டு அந்தக் கட்டியை மட்டும் சுரண்டி எடுப்பதுதான் முதல் வழி, வயிற்றில் கீறலே கிடையாது. மார்பகப் புற்று வந்தவர்களுக்கு இந்த வளையம் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். நகரியில் பவர்லூம் ஓட்டும் 38 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள், குழாய் கட்டியாயிற்று. ஒன்பது நாள் போக்கு, முதல் நான்கு நாள் ஒன்றரை மணிக்கு ஒரு நாப்கின். ஹீமோகுளோபின் 8. வலி மூன்று நாள் முன்பே வருகிறது, அந்த நாட்களில் மலம் கழிக்கப் பயம். ஸ்கேனில் பின்சுவருக்குள் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, ஓவரி நார்மல். எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

சுவருக்குள் இருக்கும், படலத்தைத் தொடாத இரண்டு சென்டிமீட்டர் கட்டி இவ்வளவு போக்குக்குக் காரணமாக இருப்பது அபூர்வம். மலம் கழிக்கும்போது வரும் வலியோ கட்டியைக் காட்டவில்லை, கர்ப்பப்பைக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்று காட்டுகிறது. ஆக, எடுக்கச் சொன்ன காரணமே இங்கே ஆட்டம் காண்கிறது. கர்ப்பச் சோதனை, தைராய்டு, இரும்புச்சத்து அளவு பார்க்க வேண்டும். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் பின்பக்கத்தைக் குறிப்பாகத் தேடச் சொல்ல வேண்டும். 45 வயதுக்கு மேல் என்றால், அல்லது சர்க்கரை, அதிக எடை, இடையிடையே போக்கு இருந்தால், படலத்தில் துளி எடுத்துப் பரிசோதித்த பிறகே மற்றதெல்லாம்.

அதுவரை டாக்டர் டிரானெக்ஸாமிக் அமிலம் எழுதித் தரலாம். வழக்கமான அளவு 500 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, போக்கு அதிகமுள்ள நான்கு நாள் மட்டும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. கூடவே இரும்பு மாத்திரை. டீ, பாலோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. பிறகு வளையம். ஆறு வாரத்தில் வளையத்தின் நூல் இடத்தில் இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு பார்வை. நாப்கின் எண்ணிக்கையையும் வலியையும் காலண்டரில் குறித்து வந்தால், ஆறாம் மாதம் பேச ஆதாரம் கையில் இருக்கும். போக்கு அடங்கியும் வலி மட்டும் நீடித்தால், அடுத்தது கர்ப்பப்பை ஆபரேஷன் அல்ல, லேப்ராஸ்கோப்பியில் திட்டுகளைத் தேடி வெட்டி எடுப்பது.

கர்ப்பப்பையை எடுப்பதே சரியான இடங்களும் உண்டு: படலத்தில் புற்றோ அதன் முன்நிலையோ தெரிந்தால், பல கட்டிகளால் கர்ப்பப்பை மூன்று மாதக் கர்ப்பத்தைவிடப் பெரிதாகி, இனி குழந்தை வேண்டாம் என்றும் இருந்தால், வளையமும் மருந்தும் பார்த்தும் அடங்காவிட்டால். அப்போது அது பெரிய விடுதலை. ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்காமல் இருக்க வீட்டில் ஏற்பாடு வேண்டும்.

அந்த முடிவுக்கு வந்தால் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஓவரியையும் எடுக்கிறீர்களா, எதற்காக? இரண்டு ஓவரியும் போனால் 38 வயதில் அன்றைக்கே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும், எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கும். அதை ஈடுகட்ட ஹார்மோன் மாத்திரை பல வருடம் தேவைப்படலாம். எண்டோமெட்ரியோசிஸ் திட்டு கண்ணில் பட்டால் அதையும் சேர்த்து எடுப்பீர்களா? கீறி எடுப்பதா, கீழ்வழியாகவா, லேப்ராஸ்கோப்பியா? வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஓவரி இருக்கிறதா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். நாளை முழங்கால் வலிக்கோ படபடப்புக்கோ திருத்தணியிலோ வேலூரிலோ வேறொரு டாக்டரைப் பார்த்தால், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.