ஓவன் விளக்கில் இட்லி மாவு: ஐந்து குளிர்காலங்களுக்குப் பிறகு

குளிர்காலத்தில் இட்லி மாவை ஓவனுக்குள் வைத்துப் புளிக்க வைப்பது எனக்கு இது ஐந்தாவது வருடம். ஓவனைச் சூடாக்குவதில்லை, உள்விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடுவேன். என்னுடையது 25 வாட் குண்டு பல்பு. அதன் சூடு மூடிய பெட்டிக்குள் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். எல்இடி விளக்கை நம்பி வைத்தால் மாவு அப்படியே கிடக்கும், அதில் சூடே கிடையாது என்று சொல்லலாம்.

ஆரம்பத்தில் இரவு முழுக்க எரியவிட்டேன். காலையில் மாவு பொங்கி, நடுவில் அமுங்கி, மூக்கைத் துளைக்கும் புளிப்போடு நீர்த்துக் கிடந்தது. இட்லி தட்டையாக வந்தது. பழியை உளுந்தின் மேல் போட்டு இரண்டு வாரம் ஓட்டினேன்! அப்புறம்தான் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து வெப்பமானியால் அளந்தேன். இரவு ஒன்பது மணிக்கு 17 டிகிரி, நள்ளிரவில் 27, காலை ஆறுக்கு 38. பல்புக்குப் பக்கத்து மேல்தட்டில் இந்தக் கணக்கு. கீழ்த்தட்டில் நாலைந்து டிகிரி குறைவு. இட்லி மாவுக்கு 30-ஐ ஒட்டி இருந்தாலே போதும்.

இப்போது பாத்திரத்தைக் கீழ்த்தட்டில், பல்புக்கு எதிர்மூலையில் வைக்கிறேன். படுக்கப் போகும் முன் கதவில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி விடுவேன். அந்த விரலளவு இடைவெளியில் சூடு 30, 31-லேயே நின்றுவிடுகிறது. பத்து, பதினொரு மணி நேரத்தில் மாவு பொங்கி, கரண்டியால் கிளறினால் நுரை நுரையாக விலகும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அடியில் ஒரு தட்டும் வையுங்கள். வழிந்து காய்ந்த மாவைச் சுரண்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

விளக்குக்குப் பதில் குறைந்த சூட்டில் ஓவனையே போடலாமா? நான் போட்டுப் பார்த்தேன். என் ஓவனில் ஆகக் குறைந்தது 50 டிகிரி. அதுவும் நிலைக்கு வருமுன் அதைத் தாண்டி ஏறி இறங்கும். ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்து மாவு வெந்து ஒட்டிக்கொண்டது. அவசரமென்றால் இரண்டு நிமிடம் சூடாக்கி, அணைத்து, உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாவை வைக்கலாம்.

ரொட்டி மாவுக்கு இதே இடம் சரிதான், ஆனால் கண்காணிப்பு வேண்டும். வெளியே இரண்டு மணி நேரம் எடுப்பது இங்கே ஒரு மணியில் இரட்டிப்பாகிவிடும். மேல்பக்கம் காயாமலிருக்க மூடி வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீரும் வைப்பேன். வெண்ணெய் மடித்த மாவை மட்டும் வைப்பதில்லை, உருகி ஒழுகிவிடும்.

இன்னொன்று: ஓவன் திருகில் ‘உள்ளே மாவு’ என்று சீட்டு ஒட்டுகிறேன். ஒருமுறை வீட்டில் கேக்குக்காக 180-இல் வைத்துவிட்டார்கள், பிளாஸ்டிக் மூடியோடு.