ஒரே அச்சில் இரண்டு விதமான டயர்: பிராண்ட் மாறுவதும் அளவு மாறுவதும் ஒன்றல்ல

முன்சக்கர இயக்கம் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயர் அளவு 205/55 ஆர்16. இடது முன் டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது, இனி அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வலது முன் டயர் பாதி தேய்ந்திருக்கிறது, பட்டன் ஆழம் 4 மி.மீ. இரண்டாகவே மாற்ற மனமில்லை என்றால் முன்னால் இருப்பது மூன்று வழி: அதே பிராண்டில் அதே மாடல் புதிதாக ஒன்று, அதே அளவில் வேறு பிராண்ட், அல்லது கையில் கிடைக்கும் 205/60 ஆர்16. மூன்றும் அந்த ரிம்மில் ஏறும், மூன்றிலும் வண்டி ஓடும். ஆனால் எது எங்கே வலிக்கும் என்பது வேறு வேறு.

முதலில், எஞ்சின் விசையை இரண்டு முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் பார்ப்போம். அதற்குப் பிராண்ட் பெயர் தெரியாது, இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றனவா என்பது மட்டும்தான் தெரியும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருப்பதால் அது வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை உள்ளே இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்கள் உருண்டு சமாளிக்கும். நேராகப் போகும்போது அவை தங்கள் அச்சில் சுற்றாமல் சும்மா இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் இவற்றுக்குப் பேரிங் கிடையாது. ஒரு குறுக்குத் தண்டும், மெல்லிய வாஷரும், தெறித்து விழும் எண்ணெயும்தான். எப்போதாவது, கொஞ்ச நேரம் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை.

இப்போது முதல் வழி, அதே மாடலில் புது டயர். புதிதில் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீ. பழையதில் 4. விட்டத்தில் 8 மி.மீ. வித்தியாசம், அதாவது புது டயரின் மொத்த விட்டமான 632 மி.மீ.க்குச் சுமார் 1.3 சதவீதம். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 118 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருப்பதற்குச் சமம். 100 கி.மீ. வேகத்தில் இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்குப் பத்துப் பதினொரு சுற்று வித்தியாசம் வரும். கேட்க பயமாக இருந்தாலும், சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியலுக்கு இது பெரிய சுமையில்லை. 'ஒரு டயரை மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்' என்று பயமுறுத்துவதை இந்த அளவுக்கு நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது வழியில் கதை மாறுகிறது. 205/60 என்றால் 205 மி.மீ. அகலத்தில் 60 சதவீதம், பக்கச்சுவர் உயரம் 123 மி.மீ., 205/55-க்கு 113 மி.மீ. புது டயரின் விட்டம் 652 ஆகிறது. தேய்ந்த வலது டயரோ 624. வித்தியாசம் நாலரை சதவீதம். இது 33 மீட்டர் ஆர வளைவு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நேராகப் போனாலும் ஸ்பைடர் கியர்களைப் பொறுத்தவரை வண்டி ஒரு ரவுண்டானாவை விட்டு வெளியே வரவேயில்லை. வாஷரும் குறுக்குத் தண்டும் தேய்வது இப்படித்தான். எண்ணெயை இறக்கும்போது வடிகால் திருகின் காந்தத்தில் மை போன்ற கரும்பசை இருந்தால் கவலையில்லை; விரலில் தட்டுப்படும் துணுக்குகள் வந்தால்தான் விஷயம். அது போக, வண்டியின் ஒரு மூலை 14 மி.மீ. உயர்ந்து, அந்தச் சக்கரமும் அதற்குக் குறுக்கே பின்னால் இருக்கும் சக்கரமும் கூடுதல் எடை சுமக்கின்றன. நாலு கால் மேசையில் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்த மாதிரி.

லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் என்றால் முதல் வழியிலேயே யோசிக்க வேண்டும். அதன் கிளட்ச் தட்டுகள் வேக வித்தியாசத்தை எதிர்க்கவே இருப்பவை. டயர் சமமில்லை என்றால் நேர்சாலையிலும் அவை உரசிக்கொண்டே இருக்கும், எண்ணெய் சூடாகிக் கெடும், மெதுவாகத் திரும்பும்போது ஒரு உதறல் வர ஆரம்பிக்கும். அதோடு வண்டி சின்ன டயர் இருக்கும் பக்கமாக ஒதுங்கும். வாய் அகன்ற டம்ளரைத் தரையில் உருட்டினால் குறுகிய பக்கமாகத்தான் சுற்றி வரும், அதே கணக்கு. முழுநேர நான்கு சக்கர இயக்கம் என்றால் இன்னும் கறார்: சில தயாரிப்பாளர்கள் நாலு டயருக்கும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்கச் சொல்கிறார்கள். அதாவது பட்டன் ஆழத்தில் வெறும் 1 மி.மீ.

சரி, இரண்டாவது வழி: அதே அளவு, வேறு பிராண்ட். ஒரே எண் பொறித்த டயர்களும் நிஜத்தில் சில மி.மீ. முன்னே பின்னே இருக்கும். திறந்த டிஃபரன்ஷியல் அதைக் கண்டுகொள்ளாது. கண்டுகொள்வது உங்கள் கை. இடது வளைவில் எடை வலது டயர் மேல் சாய்கிறது, வலது வளைவில் இடது டயர் மேல். ஒன்றின் பக்கச்சுவர் விறைப்பாகவும் மற்றதன் சுவர் நெகிழ்வாகவும் இருந்தால், இடப்பக்கம் திரும்பும்போது ஒரு வண்டி, வலப்பக்கம் திரும்பும்போது வேறொரு வண்டி. எவ்வளவு ஓட்டிப் பழகினாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் கை பழகும். ஈரச்சாலையில் ரப்பர் கலவை வித்தியாசம் பிரேக்கில் தெரியும்: பிடி அதிகமுள்ள பக்கம் வண்டியை இழுக்கும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, இல்லாத பிடியை உண்டாக்காது.

இந்த ஈரப் பிரச்சினை முதல் வழியிலும் கொஞ்சம் உண்டு. 4 மி.மீ. பள்ளம் 8 மி.மீ. பள்ளத்தை விட முந்தியே தண்ணீரில் மிதக்கத் தொடங்கும், பிராண்ட் ஒன்றாகவே இருந்தாலும். திறந்த டிஃபரன்ஷியலில் அப்படி மிதக்கும் சக்கரம் சும்மா சுழன்று, தரையைப் பிடித்திருக்கும் சக்கரத்தின் இழுவையையும் குறைத்துவிடும்.

ஆக, என் வரிசை இது. இரண்டும் புதிதாக, ஒரே மாடலில் வாங்கி, அந்த ஜோடியைப் பின்னால் போட்டு, பின் ஜோடியை முன்னுக்குக் கொண்டுவருவது முதலிடம். அதற்கு அடுத்தது, அதே மாடலில் ஏறக்குறைய 4 மி.மீ. பட்டனுள்ள, வயது அதிகமாகாத பழைய டயர், தேடினால் கிடைக்கும். ஒரே ஒரு புது டயர்தான் என்றால் அதே மாடலாக எடுத்து, பின் அச்சின் ஒத்த ஜோடியை முன்னுக்கு மாற்றி, இந்தச் சமமில்லாத ஜோடியைப் பின்னால் விடலாம். முன்சக்கர வண்டிக்குப் பின்னால் டிஃபரன்ஷியலே இல்லை. வேறு பிராண்டை ஒரு வாரம் சமாளிக்க மட்டும் போடுவேன். 205/60 வேண்டவே வேண்டாம். ரேடியலோடு நைலான் குறுக்கிழை டயரைச் சேர்ப்பது பற்றிப் பேச்சே இல்லை, பல நாடுகளில் அது சட்டப்படியே தவறு.

ஏற்கெனவே மாற்றிப் போட்டாயிற்று, எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க வேண்டும் என்றால் டேப் கூட வேண்டாம். இரண்டு முன் டயரிலும் காற்றைச் சமப்படுத்தி, சமதளத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரண்டு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நியூட்ரலில் ஒரு சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று வரும்வரை நேராகத் தள்ளுங்கள், கோணினால் கணக்குத் தப்பும். மற்ற டயரின் கோடும் கீழேயே இருந்தால் நல்லது. முதல் வழியில் அது கடிகாரத்தின் சின்ன முள் ஒன்றரை மணி நேரம் நகர்ந்த அளவுக்குத் தள்ளி நிற்கும். 205/60 போட்டிருந்தால் கோடு கிட்டத்தட்ட டயரின் உச்சிக்கே போயிருக்கும்.