மூன்று செமஸ்டர், இரண்டு சிஜிபிஏ: எந்தக் கால்குலேட்டர் சரி?

சிஜிபிஏ கால்குலேட்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று செமஸ்டர் சராசரிகளை மட்டும் கேட்கும். மற்றொன்று ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் கிரேடையும் கேட்கும். முதலாவது அரை நிமிட வேலை, அதனால்தான் எல்லாரும் அதற்கே போகிறார்கள்.

ஒரு மாணவி மூன்று செமஸ்டர்களில் 7.0, 8.0, 9.5 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை இவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்து 8.17 என்று சொல்லும். ஆனால் அந்த செமஸ்டர்களின் கிரெடிட்கள் 24, 20, 16. சராசரியைக் கிரெடிட்டால் பெருக்கினால் 168, 160, 152 புள்ளிகள், மொத்தம் 480. அதை 60 கிரெடிட்டால் வகுத்தால் சரியாக 8.00. அதிக மதிப்பெண் வந்த செமஸ்டரில் கிரெடிட் குறைவு, அதனால்தான் இந்த இறக்கம். எல்லா செமஸ்டரிலும் கிரெடிட் சமமாக இருந்தால் இரண்டு விடைகளும் ஒன்றாகும்.

இரண்டாம் வகையிலும் ஒரு குழி இருக்கிறது: அரியர். அவளுக்கு முதல் செமஸ்டரில் 4 கிரெடிட் பாடம் ஒன்று போய்விட்டது, அதன் புள்ளி 0, மேலே சொன்ன 7.0 அதையும் சேர்த்துத்தான் என்று கொள்வோம். சில கால்குலேட்டர்கள் அந்தப் பாடத்தையே விட்டுவிடும். 480-ஐ 56-ஆல் வகுத்து 8.57 காட்டும். பிறகு அவள் அந்தப் பாடத்தை 6 புள்ளியில் பாஸ் செய்தால் 24 கூடும். பழைய வரியை மாற்றினால் 504/60, அதாவது 8.40. பழையதை அப்படியே வைத்துப் புது வரி சேர்த்தால் 504/64, 7.88 ஆகிவிடும். எது சரி என்பதைக் கால்குலேட்டர் தீர்மானிக்க முடியாது. உங்கள் பல்கலைக்கழக விதிமுறையில்தான் இருக்கும். மொத்தக் கிரெடிட்டை மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள், தவறு உடனே பிடிபடும்.

அதனால் நான் சொந்த விரிதாளின் பக்கம். கிரெடிட் C-யிலும் கிரேடு D-யிலும் இருக்கட்டும். கிரேடுக்கான புள்ளி அட்டவணையை H, I-யில் வைத்துக்கொள்ளுங்கள். E2-இல் உள்ள சூத்திரத்தைப் பாடம் உள்ள வரிகளுக்கு மட்டும் கீழே இழுங்கள்.

```
E2: =VLOOKUP(D2,$H$2:$I$9,2,FALSE)
CGPA: =SUMPRODUCT(C2:C31,E2:E31)/SUM(C2:C31)
```

அந்த FALSE-ஐ விட்டுவிடாதீர்கள். அட்டவணையைப் புள்ளி வரிசையில் எழுதியிருந்தால், அது இல்லாதபோது சத்தமில்லாமல் வேறு கிரேடின் புள்ளி வந்து உட்காரலாம். FALSE இருந்தால், "A " என்று கடைசியில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால்கூட #N/A காட்டிக் கூச்சல் போடும். அதுவே நமக்கு நல்லது.

செமஸ்டர் வாரியான போக்கைக் காட்டும் படத்தில், ஆயத்தக் கால்குலேட்டர்கள் பலவும் சிஜிபிஏ கோட்டை மட்டும் வரைகின்றன. அவளுடைய சிஜிபிஏ 7.00, 7.45, 8.00 என்று மெதுவாக ஏறுகிறது. செமஸ்டர் சராசரியோ 9.5-க்குத் தாவிவிட்டது. சரிவு வந்தாலும் இதே கதைதான்: பழைய கிரெடிட்களின் பாரம் அதை மறைத்துவிடும். விரிதாளில் இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போடலாம். செமஸ்டர் கோடு சிஜிபிஏ கோட்டுக்குக் கீழே இறங்கும் செமஸ்டரில் சிஜிபிஏவும் குறைகிறது.